பெயர்களைப் படிக்கிறது, கம்பியைப் பின்தொடர மறுக்கிறது: மின்சுற்று வரைபடத்தின் புகைப்படமும் ஒரு செயலியும்

பராமரிப்புப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர், மின்சுற்று வரைபடத்தைப் புகைப்படம் எடுத்துக் கொடுத்தால் விளக்கிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருந்தார். அவர் கேட்பது நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் செயலியைப் பற்றித்தான். செயலி என்னென்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். வரைபடத்தில் K1, S2, F2 என்று பெயரிட்டிருக்கும் குறியீடுகளை அது எதுவரை சரியாகப் பின்தொடர்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெயர்களைப் படிக்கும் வேலையில் அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. செங்குத்தாகத் திருப்பி எழுதிய கம்பி எண்கள், அச்சுக்கு மேல் பேனாவால் அடித்துத் திருத்திய முனை எண்கள், மடிப்பில் பாதி தேய்ந்த எழுத்துகள் ஆகியவற்றைக்கூடப் பெரும்பாலும் சரியாக எடுத்துவிடுகிறது. அதைவிட மேலான ஒன்றும் உண்டு. ஒரு கான்டாக்டரின் முதன்மைத் தொடுமுனைகள் முதல் தாளிலும், அதன் காயில் மூன்றாம் தாளிலும், துணைத் தொடுமுனைகள் வேறு வேறு வரிகளிலும் சிதறிக் கிடக்கும். அவை அனைத்தும் ஒரே சாதனத்தின் உறுப்புகள் என்பதை K1 என்ற பெயரைக் கொண்டே அது சேர்த்துப் பார்க்கிறது. ஏணி வடிவ வரைபடத்தில் நார்மலி ஓப்பன் தொடுமுனைக்கு இரண்டு இணைகோடுகள்தான் குறியீடு. பழக்கமில்லாதவர் அதை மின்தேக்கி என்றே எண்ணிவிடுவார். பக்கத்தில் CR1 என்று எழுதியிருந்தால் செயலி அதை ரிலேயின் தொடுமுனை என்றே கொள்கிறது. பழைய இயந்திரம் ஒன்றின் பல தாள்களிலிருந்து சாதனப் பட்டியல் தயாரிக்கும் சலிப்பான வேலையை இது எனக்குப் பலமுறை குறைத்திருக்கிறது.

என் கோபம் அடுத்த படியில் தொடங்குகிறது. பெயர்களைப் படித்து முடித்தபின், எந்த முனை எந்தக் கம்பி வழியாக எதனுடன் சேர்கிறது என்று சொல்லும்போது, அது தாளில் இருக்கும் கோட்டை விட்டுவிட்டு, அந்த வகைச் சுற்று வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

அண்மையில் ஒரு பழுதின்போது நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். ஒரு மோட்டாரை இரு திசையிலும் சுழற்றும் கட்டுப்பாட்டுச் சுற்று அது. முன்திசைக்கு K1, பின்திசைக்கு K2 என்று இரண்டு கான்டாக்டர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் இரு ஃபேஸ்கள் நேரடியாக மோதிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொன்றின் காயில் வரியிலும் மற்றதன் நார்மலி குளோஸ்டு தொடுமுனையான 21-22 வருவது வழக்கம். இந்தத் தாளில் K1 வரி அந்த வழக்கப்படியே இருந்தது. K2-வின் 21-22 அதில் இருந்தது. K2 வரியில் மட்டும் வடிவமைத்தவர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். K1 காயிலுக்கு இணையாக K3 என்ற ஆஃப் டிலே டைமரின் காயிலை வைத்து, அதன் 15-16 தொடுமுனையை K2 வரியில் சேர்த்திருந்தார். K1 இழுத்தவுடன் 15-16 திறந்துகொள்ளும். K1 விட்டபின்னும் சில விநாடிகள் திறந்தே இருக்கும். மோட்டார் நிற்கும் முன் பின்திசை தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. இரண்டு கான்டாக்டர்களுக்கும் இடையே இயந்திரப் பூட்டு தனியாக இருந்தது. K1-இன் 21-22 தொடுமுனையோ வேறொரு வரியில், H1 என்ற விளக்கை எரியவைக்கும் வேலையில் இருந்தது.

பழுது என்னவென்றால், முன்திசை ஓடி நின்றபின் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பின்திசைப் பொத்தான் S3-க்கு K2 இழுக்கவில்லை. தாளின் புகைப்படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கம்பி எண்ணிலும் எந்தெந்த முனைகள் சேர்கின்றன என்று எழுதித் தரச் செய்தபோது, அதில் இந்த வரிகள் இருந்தன:

```
7:  S3:4, K2:14, K1:21
8:  K1:22, K2:A1
10: K1:22, H1:X1
```

தாளில் இருந்தது இது:

```
7:  S3:4, K2:14, K3:15
8:  K3:16, K2:A1
10: K1:22, H1:X1
```

சற்று முன் அதே செயலி தந்த சாதனப் பட்டியலில் K3-யும் அதன் 15, 16 எண்களும் பிழையின்றி இடம்பெற்றிருந்தன என்பதே என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. படித்த பெயரை இணைப்பில் கைவிட்டுவிட்டு, அந்த இடத்தில் பாடநூலில் வரும் தொடுமுனையை அது வைத்துவிட்டது. இதை நம்பி வேலை செய்பவர் K1-இன் 21-22-ஐச் சோதிப்பார். அது நன்றாக மூடியிருப்பதைக் காண்பார். பிறகு K2 காயிலின் மீது சந்தேகம் கொண்டு அதையும் கழற்றுவார். தாளின் கோட்டை விரலால் தொடர்ந்து சென்று, S3-ஐ அழுத்திக்கொண்டு மீட்டரை வைத்தால் K3:15-இல் மின்னழுத்தம் இருக்கிறது, K3:16-இல் இல்லை. டைமரின் தொடுமுனை திரும்பி மூடாததே பழுது. டைமரை மாற்றியதும் இயந்திரம் ஓடியது.

புகைப்படம் தெளிவாக இல்லாததுதான் காரணமோ என்று முதலில் நினைக்கத் தோன்றும். அதனால் அதே தாளை வருடியில் கூர்மையாக எடுத்து மறுபடி கொடுத்தேன். அதே பிழைதான் வந்தது. பிறகு K1 வரியை வெட்டி நீக்கிவிட்டு, K2 வரியை மட்டும் கொடுத்தேன். இம்முறை 15-16 என்று சரியாகச் சொன்னது. எழுத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. மேலே ஒரு முன்திசை வரி தெரியும்போது, கீழே இருப்பதை அதன் இணையாகவே அது எடுத்துக்கொள்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வழக்கமான சுற்றுக்கு விளக்கம் தேவைப்படுவது அரிது. வழக்கத்திலிருந்து விலகிய சுற்றுக்குத்தான் நமக்கு உதவி வேண்டும். அங்கே வழக்கத்தைத் திருப்பிச் சொல்லும் ஒரு கருவியை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மின்னணுச் சுற்றுகளிலும் இதே குணம்தான். LM358 என்ற ஆப்-ஆம்ப் சிப்பின் வெளியீடான 1-ஆம் கால், மின்தடை வழியாகக் கழித்தல் உள்ளீடான 2-ஆம் காலுக்குத் திரும்பினால் அது பெருக்கி. கூட்டல் உள்ளீடான 3-ஆம் காலுக்குத் திரும்பினால் ஷ்மிட் ட்ரிகர் வகை ஒப்பீட்டுச் சுற்று. கால் எண்ணும் கூட்டல் கழித்தல் குறிகளும் தெளிவாக அச்சிட்டிருந்த ஒரு தாளில், 3-க்குத் திரும்பிய மின்தடையைப் பார்த்தும் அதைத் தலைகீழ்ப் பெருக்கி என்று அழைத்து, பெருக்க மதிப்பையும் கணக்கிட்டுத் தந்தது.

புகைப்படத்தால் வரும் பிழை இதிலிருந்து வேறானது. அதைச் செயலியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஏ3 தாளின் நீளம் 420 மில்லிமீட்டர். பெரிய படத்தைச் சுருக்கி நீளப்பக்கத்தை 1,500 பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சல்தான் கிடைக்கும். 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து ஏறத்தாழ 9 பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. அதை இன்னும் படிக்கலாம். ஆனால் கோடுகள் சேர்வதைக் காட்டும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி மூன்று நான்கு பிக்சலாகிவிடும். புள்ளியில்லாமல் வெறுமனே குறுக்கே செல்லும் கோட்டிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். தாளை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனியாக எடுத்தால் இந்த அளவு இருமடங்காகிறது. புள்ளி தொடர்பான பிழைகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. வெட்டும் இடத்தில் கம்பி எண்கள் இரு பகுதியிலும் தெரியும்படி சற்று மேற்படிய எடுக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பில் அறுபட்ட கோட்டுக்கு அதுவே ஒரு முடிவைக் கற்பித்துவிடும்.

இயந்திர உறுப்பு வரைபடங்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கும் அளவுகளைச் சரியாகப் படித்துவிட்டு, 4× Ø9 என்ற குறிப்பின் அம்புக்கோடு எந்தத் துளையைத் தொடுகிறது என்பதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி எனக்குப் பழக்கமாகிவிட்டது. சுற்று எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தை நான் முதலில் வாங்குவதே இல்லை. அந்த விளக்கம் சரளமாக இருப்பதால் பிழை அதற்குள் மறைந்துவிடும். மேலே காட்டியதுபோல் கம்பி எண்ணும் முனைகளும் மட்டும் கொண்ட பட்டியலையே முதலில் பெறுகிறேன். ஒரு முனை ஒரு கம்பி எண்ணின் கீழ்தான் வர முடியும். சாதனப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு முனையும் எங்காவது வந்தாக வேண்டும். மேலே உள்ள பட்டியலில் K1:22 என்பது 8-இலும் 10-இலும் வருகிறது. அது உண்மையானால் விளக்கும் காயிலும் ஒரே கம்பியில் இருக்க வேண்டும். K3:15, K3:16 இரண்டும் எங்குமே வரவில்லை. மீட்டரைத் தொடும் முன்பே, தாளைக்கூடப் பார்க்காமல், இந்தப் பட்டியல் பொய் என்று இதைக் கொண்டே சொல்லிவிடலாம். எந்த வரியில் முரண் தெரிகிறதோ அந்த வரியை மட்டும் வெட்டித் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் திருந்திவிடுகிறது.

ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. LM358 போன்ற இடத்தில் 2-ஆம் காலையும் 3-ஆம் காலையும் அது ஒன்றுக்கொன்று மாற்றி வைத்துவிட்டால், எல்லா முனைகளும் ஒருமுறைதான் வரும், எதுவும் விடுபடாது, பட்டியல் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். அங்கே கோட்டைக் கண்ணால் தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை. கம்பி எண்களே இல்லாத பழைய வரைபடமாக இருந்தால், பேனாவால் நாமே எண்ணிட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டும். அப்படி எண்ணிடும் வேளையில் பாதிச் சுற்று நமக்கே புரிந்துவிடுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பழுது பார்ப்பதற்காக என்றால் சந்தா கட்ட வேண்டாம். சாதனப் பட்டியல், முனைப் பட்டியல், தாள்களுக்கிடையே குறுக்குக் குறிப்புகளைச் சேர்ப்பது ஆகியவற்றில் நான் மேலே பாராட்டியது அனைத்தும் உண்மை. அவற்றுக்காக என் சந்தாவை நான் நிறுத்தப்போவதில்லை. டைமரைக் கழற்றிய எரிச்சல் இன்னும் தணியாத நிலையில் எழுதுகிறேன் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் 415 வோல்ட் பலகையின் முன்னால் நிற்பவருக்கு, ஒரு முனையைப் படித்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை உறுதியாகச் சொல்லும் ஒன்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.