பிரஷர், சுகர் செயலிகள்: ஒவ்வொரு அளவுக்கும் மணியா, வாரச் சராசரியா?

வீட்டில் பிரஷரும் சுகரும் பார்ப்பவர்களுக்கான செயலிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் எண்ணைப் பதிந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வரும். இரண்டாவது வகை தனி எண்ணைப் பற்றி எதுவும் சொல்லாமல் வாரக் கடைசியில் சராசரியை மட்டும் காட்டும். எது நல்லது என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிரஷருக்கும் சுகருக்கும் ஒரே முறையை வைத்திருக்கும் செயலி, இரண்டில் ஒன்றில் நிச்சயம் தவறிவிடும்.

பிரஷரை முதலில் பார்ப்போம். வீட்டு அளவீட்டுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை கட்டிய கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் அளக்க வேண்டும். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்து, அது 135/85-ஐ எட்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒருவருடைய தினசரிச் சராசரிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 152/92, 138/84, 130/80, 136/82, 132/82, 134/80, 128/78. நிறம் காட்டும் செயலி 135-ஐ எல்லையாக வைத்தால் ஏழு நாளில் மூன்று நாள் சிவப்பு. சிவப்பைப் பார்த்தவர் பதறி உடனே திரும்ப அளப்பார். பதற்றத்திலேயே எண் இன்னும் ஏறும். ஏழு நாளையும் சேர்த்தால் சராசரி 136/83, எல்லையைத் தாண்டிவிடுகிறது. முதல் நாளை விட்டால் 133/81, எல்லைக்குள். அதனால் வாரச் சராசரி காட்டும் செயலியிலும் ஒன்றைக் கேட்க வேண்டும்: முதல் நாளைக் கழிக்கிறதா? பலர் முதல் நாளில் மெஷினுக்கே பயப்படுகிறார்கள். அந்தப் பயமும் எண்ணில் ஏறிவிடும்.

பிரஷரில் தனி எண்ணுக்கு மணி அடிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 120-ஐ எட்டினால் சில நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்குழறல், ஒரு பக்கம் கைகால் பலவீனம் இருந்தால் மறு அளவுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

சுகரில் கதை தலைகீழ். காலையில் 52, இரவில் 228 என்றால் சராசரி 140. திரை பச்சையாக இருக்கும், ஆனால் அவருக்குக் காலையில் தாழ்சர்க்கரை வந்து போயிருக்கிறது. இங்கே 70-க்குக் கீழே வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த நொடியே மணி அடிக்க வேண்டும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்ப எடு என்று வழிகாட்ட வேண்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் அதே திரையில் இருக்க வேண்டும்.

மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கும் செயலியின் மதிப்பு இங்கேதான் தெரியும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை அரிது. இன்சுலின், கிளிமெபிரைடு எடுப்பவருக்கு அந்த ஆபத்து உண்மையானது. கிளிமெபிரைடுடன் வோக்லிபோஸும் சேர்த்து எடுப்பவருக்கு ‘சர்க்கரை கரைத்துக் குடி’ என்று சொன்னால் பலன் தாமதமாகும், ஏனென்றால் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதை அந்த மருந்து தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். பொதுவான அறிவுரையை எல்லாருக்கும் காட்டும் செயலி சரியாக இந்த இடத்தில்தான் கைவிடும்.

எண்ணைக் கையால் பதிவதா, புளூடூத்தில் இழுப்பதா? கையால் பதிபவர்கள் 137-ஐ 140 ஆக்குவார்கள், கூடுதலாக வந்ததைப் பதியாமல் விடுவார்கள். புளூடூத் அதைச் சரிசெய்கிறது, ஆனால் கணவனும் மனைவியும் ஒரே மெஷினில் பார்க்கும் வீட்டில் இருவர் எண்ணும் ஒரே கணக்கில் கலந்துவிடலாம். பேட்டரி மாற்றியதும் சில மெஷின்களின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சாப்பிடும் முன்பா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா என்பதும் மெஷினுக்குத் தெரியாது. அதனால் எண்ணைத் தானாக இழுத்தபின் ‘யாருடையது, எப்போது சாப்பிட்டது’ என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டே சேமிக்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி மாற்றும் நாளில் மெஷினின் தேதியையும் நேரத்தையும் போனோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.