மூன்று மாரி, ஒரு பட்டா: வல்லைவெளி தாண்டிச் சாமான் அனுப்பிய அனுபவம்

2022 ஐப்பசியில் இருந்து மூன்று மாரி. யாழ்ப்பாண நகரில் உள்ள எங்கள் ஸ்ரோரில் இருந்து வடமராட்சிக் கடைகளுக்கு மா, சீனி, பருப்பு, பிஸ்கட், சவர்க்காரம் அனுப்புவது என் பொறுப்பு. வாகனம் ஒரு பட்டா, சின்ன லொறி. நெல்லியடிப் பக்கம் பதினொரு கடைகள், கிழமைக்கு இரண்டு தடவை. இந்த மூன்று மாரியில் எது உதவியது, எது காலை வாரியது என்று எழுதுகிறேன்.

முதல் மாரியில் நான் நம்பியது கூகுள் மப்பை. வெயில் காலத்தில் அது நல்ல பிள்ளை. மழையில் அதற்குத் தண்ணீர் தெரியாது. பெருவீதியில் வாகனங்கள் தேங்கினால் கிட்டிய ஒழுங்கைக்குள் திருப்பி விடும். எங்கள் ஊர்களில் வீதியை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்தி விடுகிறார்கள், ஒழுங்கை பழைய மட்டத்திலேயே கிடக்கும். வீதியில் இறங்குகிற வெள்ளம் முழுக்க அங்கேதான் போய் நிற்கும். ஒருமுறை புத்தூருக்குக் கிட்ட அப்படி ஒரு ஒழுங்கைக்குள் இறங்கி, பின்னால் எடுக்கவும் முடியாமல், இரண்டு மணித்தியாலம் நின்றோம். அதற்குப் பிறகு மாரியில் மப் எனக்குத் தூரம் பார்க்க மட்டும்தான்.

நெல்லியடிக்கு நேர்வழி கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் கடந்து வல்லைவெளி. அந்த வெளியில் கடனீரேரிக்கு மேலால் வீதி போகிறது. அது மூடினால் என்ன செய்வது? முதலில் எனக்குத் தோன்றிய மாற்றுவழி ஏ-9 வீதியால் கொடிகாமம் போய், வரணி, முள்ளி வழியாக ஏறுவது. வரைபடத்தில் அது வல்லையில் இருந்து வெகுதூரம். ஆனால் முள்ளியில் கடக்கிற தண்ணீரும் வல்லையில் கடக்கிற தண்ணீரும் ஒரே கடனீரேரிதான். வல்லையில் ஏறினால் முள்ளியிலும் ஏறும். 2023இல் டீசலை எரித்து அவ்வளவு தூரம் சுற்றிப்போய், முள்ளியில் அதே தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் இது மண்டையில் ஏறியது.

இப்போது எங்கள் முதல் மாற்றுவழி அச்சுவேலியில் இருந்து தொண்டைமானாறு போய், வல்வெட்டித்துறை, உடுப்பிட்டி வழியாக நெல்லியடி. இதுவும் அதே தண்ணீரைத்தான் கடக்கிறது. ஆனால் கடலோடு சேர்கிற வாயில், தடுப்பணையோடு சேர்ந்த பாலத்தில் கடக்கிறது. அணைக் கதவு திறந்திருக்கிறதா என்று அந்தப் பக்கக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டால், வல்லையில் தண்ணீர் இறங்கப் போகிறதா என்பதற்கும் அரைவாசிப் பதில் கிடைத்துவிடும். மற்ற அரைவாசி காற்று. வாடை பலமாக அடித்துக் கடல் மட்டம் உயர்ந்து நிற்கிற நாளில் கதவு திறந்திருந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். மழை விட்டுவிட்டதே என்று அன்றைக்கே ரூட் போடுவது அதனால் பிழையாகிவிடும்.

வீதி நிலவரத்துக்கு வட்ஸ்அப் குழுக்களை நம்பி நிறைய அடி வாங்கியிருக்கிறேன். போன வருசப் படம் இந்த வருசமும் சுற்றும். இப்போது படம் கேட்டால், சைக்கிளை நிறுத்தி அதன் சில்லோடு சேர்த்து எடு என்று கேட்பேன். ஆழமும் தெரியும், இன்றைய படம் என்பதும் தெரியும். இன்னொரு பொறி, "750 பஸ் ஓடுது அண்ணை, போகலாம்" என்ற பதில். பஸ் உயரம். பட்டாவின் சில்லுகள் சின்னன், பாரம் ஏற்றினால் இன்னும் பதியும். பஸ் போன தண்ணீரில் பட்டா போகும் என்று அர்த்தம் இல்லை. எங்கள் சாரதியின் கணக்கு எளிது: தேங்கி நிற்கிற தண்ணீர் சில்லின் நடு அச்சுக்குக் கீழே என்றால் மெதுவாகப் போகலாம், அச்சைத் தொட்டால் திரும்ப வேண்டும். வீதிக்குக் குறுக்கே ஓடுகிற தண்ணீர் என்றால் அதில் பாதி ஆழத்துக்கே திரும்ப வேண்டும். கடந்து வந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று தரம் மெல்ல மிதித்துக் காய வைக்காமல் வேகம் எடுக்கக் கூடாது.

சாமானுக்கு வருவோம். ஸ்ரோரில் வாசலுக்கு மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்த இரவு ஒன்று உண்டு. காலையில் வாசல் காய்ந்திருந்தது. உள்ளே நிலம் நனைந்திருந்தது. மாரியில் கிணறு விளிம்புக்கு வருகிற ஊர் இது, நிலத்தடி நீர் சீமெந்து வெடிப்பால் கீழிருந்தே ஊறும். கீழ்வரிசைச் சீனி மூட்டைகள் அதை விளக்குத்திரி போல உறிஞ்சிவிட்டன. அதன்பின் மரப் பலெற் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, கிட்டத்தட்ட ஓர் அடி உயரம். சுவரில் இருந்தும் ஓர் அடி தள்ளி. செலவுக்கு ஏற்ற பலன் தந்தது இது ஒன்றுதான் என்று சொல்வேன்.

தறப்பாளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. மலிவு நீலத் தறப்பாள் முதல் மாரி தாங்கும். இரண்டாவதில் மடிப்பு மடிப்பாகவும் கயிற்று ஓட்டைகளைச் சுற்றியும் ஒழுகும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். ஸ்ரோருக்குள் அதைக் கொண்டு அடுக்கை நிலம்வரை இறுக்கி மூடியதும் பிழை. உள்ளே வியர்த்து மட்டைப்பெட்டிகள் நமர்த்தன. மேலே மட்டும் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டும். நமர்த்த பெட்டியை மூலையில் அழுத்தினால் விரல் பதியும். அதை அடுக்கின் அடியில் வைத்தால் மேலே உள்ளதும் சேர்ந்து சரியும்.

பட்டாவில் மழை மேலால் மட்டும் வருவதில்லை. பின்சில்லு அடிக்கிற தண்ணீர் தட்டின் இடுக்கால் ஏறும். அதனால் அடியில் பலகைச் சட்டங்கள், அதன்மேல் சவர்க்காரம், எண்ணெய்க் கான்கள், மேலே மா. வெள்ளநீர் தொட்ட மாவையோ பால்மாவையோ காயவைத்து விற்கும் பேச்சே இல்லை. மலசலகூடக் குழி நிரம்பி வருகிற தண்ணீரும் அதில் கலந்திருக்கும்.

2024 நவம்பர் கடைசிக் கிழமை இதெல்லாம் ஒன்றாகப் பரீட்சைக்கு வந்தது. வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் பற்றிச் சொன்ன அன்றே, பதினொரு கடைக்கும் வழமையான ஓடரின் இரண்டு மடங்கை முன்கூட்டி அனுப்பப் பார்த்தேன். வீதி அப்போது திறந்துதான் இருந்தது. தடை பணத்தில் வந்தது. "சாமான் இப்ப இறக்கு தம்பி, ஆனா செக் திகதி பழையபடிதான்" என்றார் ஒரு கடை ஐயா. நியாயம். இரண்டு மடங்கு சாமானுக்கு அதே நாளுக்குள் காசு எங்கால வரும்? முதலாளியிடம் பேசி, கூடுதல் பாதிக்கு மட்டும் பத்து நாள் தவணை வாங்கினேன். ஏழு கடைகள் ஏற்றன. மற்ற நாலில் இரண்டுக்கு உயரத்தில் வைக்க இடமில்லை, அவர்களுக்கு நானே கொடுக்கவில்லை. அடுத்த ஐந்து நாள் வல்லைப் பக்கம் ஒரு நடையும் போகவில்லை. மிச்ச நாலு கடைக்கும் ஆறாம் நாள் தொண்டைமானாற்றுப் பாதையால் அரைப் பாரத்தோடு போனோம். நனைந்தது மூன்று பிஸ்கட் பெட்டி.

இன்னும் தீராதது ஏற்றும் ஒழுங்கு. கடைசிக் கடைச் சாமானை முதலில் ஏற்றினால்தான் இறக்க வசதி. மாவை மேலே வைத்தால்தான் நனையாது. பருத்தித்துறைக் கடை ஒன்று எப்போதும் மாதான் கூட எடுக்கும். அதனால் மழை நாளில் அங்கே முதலில் போய், திரும்பி வரும்போது நெல்லியடியில் இறக்குகிறோம். நெல்லியடிக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மத்தியானம் கடை பூட்டுகிற நேரத்துக்குத்தான் நாங்கள் வந்து சேர்கிறோமாம்.