மூன்று கட்டத் தாளோடு நான்கு வருடம்

நீளமான புலனாய்வுக் கட்டுரைகளை ஒரு பக்கத்துக்குள் சுருக்கித் தரும் வேலை எனக்கு வாரம் ஒன்றாவது வந்துவிடும். நான்கு வருடமாக இதற்கு ஒரே முறைதான். ஒரு தாளை மூன்று கட்டமாகப் பிரித்து, இடது கட்டத்தில் உறுதியானவை, நடுவில் அதைச் சொன்னது யார், வலது கட்டத்தில் இன்னும் நிரூபணமாகாதவை என்று எழுதுகிறேன். கேட்க எளிதாக இருக்கும். முதல் ஆறு மாதம் நான் அதைத் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கட்டுரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே தூக்கி ஏதோ ஒரு கட்டத்தில் போட்டதுதான் தப்பு. புலனாய்வுக் கட்டுரையின் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று சங்கதிகள் சுருண்டு கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்காமல் எந்தக் கட்டமும் சரிவராது.

எப்போதும் நான் உதாரணமாக எடுத்துக்கொள்வது 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ எழுதிய தெரனோஸ் கட்டுரை. விரலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் பலவிதப் பரிசோதனைகள் செய்வதாகச் சொன்ன நிறுவனம் அது. 2014 டிசம்பரில் அந்த நிறுவனம் தானே உருவாக்கிய எடிசன் என்ற ரத்தப் பரிசோதனை இயந்திரத்தை வழக்கமாக 15 பரிசோதனைகளுக்கு மட்டுமே பயன்படுத்தியது என்று முன்னாள் மூத்த ஊழியர் ஒருவர் சொன்னதாகக் கட்டுரையில் வருகிறது. நிறுவனம் வழங்கிய பரிசோதனைகளோ 200-க்கு மேல்.

பழைய நானாக இருந்தால் ‘எடிசன் 15 பரிசோதனைகளுக்கே பயன்பட்டது’ என்று இடது கட்டத்தில் எழுதியிருப்பேன். நல்ல பத்திரிகை, நல்ல நிருபர், அப்புறம் என்ன? இப்போது அதை மூன்றாக உடைக்கிறேன். ஒருவர் இப்படிச் சொன்னார் என்பது முதல் சங்கதி. பத்திரிகை அதற்குப் பொறுப்பேற்கிறது, ஆகவே இடது கட்டம். எல்லாப் பரிசோதனைகளும் எடிசனில் நடக்கவில்லை என்பது இரண்டாவது. இதை நிறுவனத்தின் வழக்கறிஞர் டேவிட் பாய்ஸே அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். எதிரெதிர்த் தரப்புகள் இரண்டும் ஒத்துப்போகும் இடம் என்பதால் இதுவும் இடது கட்டம், அதுவும் மிகப் பலமான வரி. சரியாக 15 என்பது மூன்றாவது. அதற்கு இருப்பது ஒரே ஒரு வாய். அது வலது கட்டத்துக்குப் போகிறது.

மறுப்பை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த ஒரு வரியில்தான். முன்பெல்லாம் மறுப்பு என்றால் ‘நிறுவனம் மறுத்தது’ என்று நாலு எழுத்தில் முடித்துவிடுவேன். இப்போது எதை மறுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள், எதைப் பாதி ஒப்புக்கொண்டார்கள் என்று தனித்தனியாகக் குறிக்கிறேன். பல கட்டுரைகளில் இடது கட்டத்துக்கு நல்ல வரிகள் கிடைப்பது மறுப்பிலிருந்துதான்.

நடுக் கட்டம்தான் அதிக நேரம் தின்கிறது. தெரனோஸ் கட்டுரையில் முன்னாள் ஊழியர்கள் வருகிறார்கள், பத்திரிகை பார்த்த மின்னஞ்சல்கள் வருகின்றன, ஒழுங்குமுறை அமைப்புக்கு ஊழியர் ஒருவர் அனுப்பிய புகாரும் வருகிறது. மூன்று வகை ஆதாரம் போலத் தெரியும். ஆனால் புகார் எழுதியவரும், மின்னஞ்சல் அனுப்பியவரும், நிருபரிடம் பேசியவரும் ஒரே ஆளாக இருந்தால்? அப்போது அது ஓர் ஆதாரம்தான், மூன்று சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கட்டுரையை வைத்துத் தீர்மானிக்க முடியாத இடத்தில் ‘ஒரே ஆளாக இருக்கலாம்’ என்று பென்சிலில் எழுதி வைக்கிறேன். அதோடு, பத்திரிகை ஓர் ஆவணத்தைப் பார்த்தது என்றால் நான் பார்த்ததாக ஆகாது. இணைப்பில் போட்டிருந்தால் திறந்து படித்து ‘பார்த்தேன்’ என்று குறிப்பேன். இல்லையென்றால் ‘அவர்கள் பார்த்தது’.

இந்த முறை என்னைக் கைவிட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், தாள் சரியாக இருந்தது. தாளிலிருந்து பக்கமாக எழுதும்போது இடம் போதவில்லை என்று ஒரு ‘என்று புகார் உள்ளது’ என்பதை வெட்டிவிட்டேன். மூன்றே சொல். புகார் குற்றமாக மாறிவிட்டது. அச்சேறும் முன் மூத்தவர் ஒருவர் கவனித்து, “தம்பி, இது எப்ப நிரூபணமாச்சு?” என்று கேட்டார். அதிலிருந்து இடம் குறைந்தால் முழு வரியையே எடுத்துவிடுகிறேன், வாலை மட்டும் நறுக்குவதில்லை.

தாளை மூடி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்ததும் தப்பு. இப்போது ஒவ்வொரு வரிக்கும் தேதி போடுகிறேன், புதிதாக ஏதாவது வந்தால் திறக்கிறேன். தெரனோஸ் தாளில் இது நன்றாகத் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் குறைபாடுகள் என்ற வரி வலது கட்டத்தில் இருந்தது. 2016 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வறிக்கையும் ஜூலையில் உரிம ரத்தும் வந்ததும் அது இடது கட்டத்துக்கு நகர்கிறது. அதே வேளை 15 என்ற எண் நகரவே இல்லை. 2018 மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த வழக்கு, ஏறத்தாழ 12 பரிசோதனைகள் என்கிறது. எண் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வழக்கு மனுவும் ஒரு தரப்பின் குற்றச்சாட்டுதான். நிறுவனத் தலைவர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சமரசம் செய்துகொண்டதால் அந்த வழக்கில் யாரும் அந்த எண்ணைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. ‘சுமார் 12 முதல் 15, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து’ என்று எழுதி வலது கட்டத்திலேயே விட்டிருக்கிறேன்.

தீர்ப்பு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தாளின் கடைசி வரிகளைக் காட்டுவேன். 2022 ஜனவரியில் ஹோம்ஸ் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி. நான்கும் முதலீட்டாளர்கள் தொடர்பானவை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன நான்கிலும் விடுதலை. மீதி மூன்றில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சில மாதம் கழித்து அவருடைய கூட்டாளி பால்வானி, நோயாளிகள் தொடர்பானவை உட்பட தன் மேலிருந்த பன்னிரண்டு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. ஆகவே ‘நோயாளிகளை ஏமாற்றியது நீதிமன்றத்தில் நிரூபணம்’ என்று பொதுவாக எழுதினால் அது பாதி சரி, பாதி தப்பு. யார் மேல் என்று எழுதாத வரியை இடது கட்டத்தில் வைக்க முடியாது. இதைச் சுருக்கும்போது இரண்டு வாக்கியம் கூடுதலாகத்தான் ஆகும். பரவாயில்லை, அந்த இரண்டை வெட்டமாட்டேன்.

நேரக் கணக்கு சொன்னால், நீளமான கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் போகிறது, அதில் முக்கால்வாசி நடுக் கட்டத்துக்கே. நம்பகத்தன்மைக்கு ஐந்தில் இத்தனை என்று மதிப்பெண் போடும் பழக்கமும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். எல்லாமே மூன்றரையாக வந்தது, விட்டுவிட்டேன். வர்ணனையும் உணர்ச்சியும் நிறைந்த, ஒரே ஆளின் அனுபவத்தைச் சுற்றி எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு இந்தத் தாள் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. நடுக் கட்டத்தில் ஒரே பெயர் மேலிருந்து கீழ்வரை நீண்டுவிடும், எழுத வேறு எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட கட்டுரையைச் சுருக்கிக் கேட்டால், அந்த ஒரே பெயரைச் சுருக்கத்தின் முதல் வரியில் வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன்.