ஒரே வினாத்தாள், இரண்டு மதிப்பெண்

கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் குரூப் 4 படிக்கும் ஒரு தம்பியின் கணக்கு இது. பழைய தாளின் 25 கணிதக் கேள்விகளை நேரக் கட்டுப்பாடில்லாமல் போட்டபோது 21 சரி. சில வாரம் கழித்து, 200 கேள்விகளையும் மூன்று மணி நேரத்தில், ஓ.எம்.ஆர். தாளில் நிரப்பிப் போட்டபோது கணிதத்தில் 15தான்.

முதல் தடவையே தவறிய நான்கும் இரண்டாவதிலும் தவறின. அது பாடம் தெரியாத குறை, திரும்பப் படித்தே ஆகணும். நழுவிய ஆறில் நான்கைத் தொடவே நேரமில்லை; கணிதத்தைக் கடைசிக்குத் தள்ளியதன் விளைவு. மீதி இரண்டும் அவசரம்: கூட்டு வட்டி கேட்ட இடத்தில் தனி வட்டி போட்டிருந்தார். இந்த ஆறுக்கும் புதுப் புத்தகம் தேவையில்லை, வரிசையை மாற்றி ஓட்டிப் பார்த்தால் போதும்.

நேரமில்லா மதிப்பெண்ணை மட்டும் நம்புவது ஏமாற்று. நேரம் வைத்ததை மட்டும் பார்த்தால் எந்தத் தவறு எந்த வகை என்றே பிரியாது. ஒன்று முக்கியம்: இடையில் விடைக்குறிப்பைத் திறக்கக் கூடாது. திறந்தால் இரண்டாவது மதிப்பெண் நினைவாற்றலுக்குத்தான். திறக்காவிட்டாலும் கேள்வி பழகியதுதானே. புதுத் தாளில் இன்னும் குறையலாம்.