‘ஒரே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்’ என்று சோலார் வாட்டர் ஹீட்டர் விற்க வருகிறார்கள்: செட்டிநாட்டுப் பக்கம் உஷார்

காரைக்குடி, புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டால் கரண்டு பில் பாதியாகிவிடும், அரசு மானியமும் உண்டு என்று வீடு வீடாக வந்து ஒரு குழு ஆர்டர் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் 38,000 ரூபாய் போனது. கருவி 29,000, பைப்புக்கும் கூலிக்கும் 9,000. கருவி ஓடுகிறது, வெயில் நாளில் தண்ணீரும் சுடுகிறது. அவர்கள் காட்டிய கணக்கும் மானியப் பேச்சும்தான் பொய்.

முதலில் மானியம். “பத்தாயிரம் ரூபாய் மூணு மாசத்துல ஆச்சி கணக்குக்கு வந்துரும், ஆதாரும் பாஸ்புக்கும் மட்டும் குடுங்க” என்று ஆத்தாவிடம் சொல்லி நகல் வாங்கிப் போனார்கள். பணம் வரவில்லை, வரவும் வராது. வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் மாடியில் மின்சாரம் தயாரிக்கும் சோலார் பேனலுக்கு மட்டும்தான். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 என்று டிவியில் கேட்டிருப்பீர்கள். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வேறொரு கருவியை விற்கிறார்கள். இரண்டிலும் ‘சோலார்’ இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தது, போட்ட காசு எப்போது திரும்பும் என்ற கணக்கு. ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 7 யூனிட் வேண்டும். வருஷத்துக்கு 365 நாள், ஏறக்குறைய 2,550 யூனிட். யூனிட் 10 ரூபாய் வீதம் 25,500 ரூபாய் மிச்சம். மானியம் போக 28,000 ரூபாய்தானே, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் மொத்தமும் வந்துவிடும்.

பெருக்கலில் தப்பே இல்லை. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும், ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. 150 லிட்டரை 40 டிகிரி ஏற்ற 6,000 கிலோகலோரி, அதாவது 7 யூனிட். சரிதான். ஆனால் உள்ளே போட்ட எண்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

நாங்கள் நாலு பேர்: நான், வீட்டுக்காரி, மகள், ஆத்தா. ஷவர் கிடையாது, வாளியில்தான் குளியல். ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று, ஆக 80 லிட்டர். அதுவும் குளிக்கும் சூடு 40 டிகிரிதான். 60 டிகிரித் தண்ணீரை யாரும் மேலே ஊற்றிக்கொள்வதில்லை. மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 26 டிகிரி இருந்தது. 20 டிகிரித் தண்ணீர் நம் பக்கம் எங்கே வருகிறது? ஆக 80 லிட்டரை 14 டிகிரி ஏற்றினால் போதும். 1,120 கிலோகலோரி, அதாவது 1.3 யூனிட். தொட்டியிலும் பைப்பிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்து நாளுக்கு 1.75 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதை நம்பாதவர்கள் தங்கள் வீட்டு கீசரிலேயே சோதிக்கலாம். எங்களுடையது 15 லிட்டர், 2,000 வாட். சிவப்பு விளக்கு எரியும் நேரம்தான் அது மின்சாரம் இழுக்கும் நேரம். ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். நாலு பேரும் குளித்து முடிக்கும்வரை விளக்கு எரிந்த நேரத்தைக் கூட்டினால் எங்கள் வீட்டில் 50 நிமிடம் அளவில்தான் வந்தது, அதாவது 1.7 யூனிட். குளித்ததும் சுவிட்சை அணைத்துவிடுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு. நாள் முழுக்க கீசரைப் போட்டே வைத்திருப்பவர்களுக்குக் கூடும். அதைக் குறைக்க 38,000 ரூபாய் வேண்டாம், சுவிட்சை அணைத்தாலே போதும்.

அடுத்து நாட்கள். ஐப்பசிப் பாதியிலிருந்து மாசி வரை, ஏறக்குறைய 120 நாள்தான் நாலு பேருக்கும் வெந்நீர் வேண்டும். பங்குனி, சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். மத்தியானத்தில் கை வைக்க முடியாது. மற்ற நாளில் ஆத்தா மட்டும் வெதுவெதுப்பாக ஒரு வாளி கேட்பார். 120 நாளுக்கு 210 யூனிட், ஆத்தாவுக்கு மீதி வருஷத்துக்கு ஒரு 100 யூனிட். ஆக வருஷத்துக்கு 310 யூனிட். தாளில் இருந்த 2,550 எங்கே, இது எங்கே!

இந்த 310-ம் முழுசாக மிச்சமாகாது. நம் பக்கம் மழை வடகிழக்குப் பருவத்தில்தான். வெந்நீர் தேடுகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக் கிடக்கும். வெயில் கொளுத்தும் சித்திரையில் வெந்நீர் யாருக்கும் வேண்டாம். அந்த மூடிய நாட்களைக் கழித்தால் சோலார் உண்மையில் மிச்சப்படுத்துவது 250 யூனிட் அளவுதான்.

கடைசியாக யூனிட் விலை. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துப் பார்க்கக் கூடாது. கீசரை நிறுத்தினால் பில்லின் மேல் நுனியில் உள்ள யூனிட்டுகள்தான் குறையும், அந்த நுனி எந்த ஸ்லாபில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 430 யூனிட் அளவில் வரும். 2024 ஜூலைக் கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. அதையே எல்லாவற்றுக்கும் வைத்தாலும் 250 யூனிட்டுக்கு 1,600 ரூபாய்தான் வருஷ மிச்சம். கீசர் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் 38,000 ரூபாய் திரும்ப 24 வருஷம் ஆகும். கீசரே இல்லை, புதிதாக இரண்டில் ஒன்றை வாங்கப்போகிறீர்கள் என்றால், கீசர் விலை 8,000-ஐக் கழித்து 30,000-க்குப் பாருங்கள்: 19 வருஷம். எங்களுக்குக் கொடுத்த வாரண்டி அட்டையில் 5 வருஷம் என்று போட்டிருக்கிறது. நம் போர்த் தண்ணீரின் உப்பு, கோடையில் யாரும் எடுக்காமல் கொதித்துக் கிடக்கும் தொட்டியில் காறையாகப் படியும். அது எத்தனை வருஷம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. நிறைய ஓடி 600 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு அதே 2024 கட்டணத்தில் 9 ரூபாய் 65 காசு ஸ்லாப் வரும். அங்கேயும் இதே நாலு பேர் கணக்கில் புதிதாக வாங்கினால் 12 வருஷத்துக்கு மேல்தான்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது பேக்கப் விஷயத்தில்தான். மழை நாளுக்கென்று சோலார் தொட்டிக்குள்ளேயே 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை ‘இலவசமாக’ வைத்தார்கள். “ஆட்டோமேட்டிக் அண்ணே, சுவிட்சைத் தொடவே வேண்டாம்” என்றார் பொருத்த வந்தவர். தெர்மோஸ்டாட்டை 60-இல் வைத்து, டைமர் இல்லாமல் நேராக லைனில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது என்ன செய்யும்? காலையில் நாங்கள் குளித்ததும், எடுத்த வெந்நீருக்குப் பதிலாகத் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் ஹீட்டர் தானாக ஓடி அதைச் சூடாக்கிவிடும். பிறகு வெயில் வந்து என்ன பயன்? மழை நாளில் இன்னும் மோசம். கீசர் 15 லிட்டரை மட்டும் சுட வைக்கும். இது 150 லிட்டரையும் 60-இல் பிடித்து வைக்கப் பார்க்கும். 1.75 யூனிட்டில் முடிகிற குளியலுக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுத்தது.

அந்தக் கார்த்திகை பில் 560-ஐத் தாண்டி வந்தது, முந்தின வருஷம் அதே பில் 430. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ளவை 8 ரூபாய் 55 காசுக்குப் போகும், அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூறு ரூபாய் அளவுக்குக் கூடுதல். ஒரு வருஷ மிச்சத்தில் முக்கால்வாசியை ஒரே பில் தின்றுவிட்டது. ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் இன்றைக்கே மாடிக்குப் போய் அந்த வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். தனி சுவிட்ச் வைத்து எப்போதும் அணைத்தே வையுங்கள். கீசர் இருந்தால் மழை நாளுக்கு அதுவே போதும்.

நம் பழைய வீடுகளுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. ஓட்டின் மேல் கருவியை வைக்க முடியாது, முகப்பு மெத்தையில்தான் வைத்தார்கள். குளியலறையோ வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால். முக்கால் அங்குல பைப் 25 மீட்டர் ஓடுகிறது, அதற்குள் 8 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரை வாளி பச்சைத் தண்ணீர்தான். இதைப் பொருத்துவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் வேலை.

சோலார் வாட்டர் ஹீட்டரே மோசம் என்று சொல்லவில்லை. கொடைக்கானலில் இதே நாலு பேர் குடும்பத்தை வைத்துப் பாருங்கள். தண்ணீர் 15 டிகிரியில் வந்தால் 80 லிட்டரை 25 டிகிரி ஏற்ற வேண்டும், இழப்போடு நாளுக்கு 3 யூனிட். வெந்நீர் வருஷம் முழுக்க வேண்டும். வெயில் கிடைக்கும் நாட்களை 270 என்று வைத்தால் 810 யூனிட், 5,200 ரூபாய். 30,000 ரூபாய் ஆறு வருஷத்துக்குள் வந்துவிடும். இங்கேயே விருந்தினர் தங்கும் பெரிய வீடுகளில், தினமும் பத்துப் பேர் குளிக்கிற இடத்தில் கணக்கு வேறு. நாலு பேருக்கு 150 லிட்டரே அதிகம், 100 லிட்டர் தாராளம். அதைக்கூட அவர்கள் சொல்லவில்லை.

எங்களுக்கு ஜி.எஸ்.டி. பில் தரவில்லை, கொட்டேஷன் தாள்தான் கையில் இருக்கிறது. மானியம், 2,550 யூனிட் எல்லாம் அவர்கள் கையெழுத்திலேயே அதில் இருப்பதால், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு அதையே ஆதாரமாக வைத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொண்டேன். அந்த ஆட்களிடம் ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்தவர்கள் வங்கிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களிடமும் அப்படி ஒரு தாள் இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றாகவே மனு போடலாம்.