நகராட்சில "பழைய மனு காணோம், புதுசா குடுங்க"ன்னா உடனே குடுத்துறாதீங்க

மதுரைக்குப் பக்கத்துல ஒரு நகராட்சி ஆபீஸ், ஊரு பேரு வேணாம். பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ்ல பேர் சேர்க்கப் போறவங்க இத ஒருதடவ படிச்சிட்டுப் போங்க.

எங்க பாப்பா பிறந்தப்ப பேர் முடிவாகல, ஆஸ்பத்திரிலருந்து தகவல் போயி நகராட்சில பதிஞ்சாங்க, சான்றிதழ் பேர் இல்லாமத்தான் வந்துச்சு. பதிவான தேதி 2024 ஏப்ரல் 5. அதுலருந்து 12 மாசத்துக்குள்ள பேர் குடுத்தா காசு கிடையாது, தாண்டிட்டா 200 ரூபா தாமதக் கட்டணம். நாங்க 2025 மார்ச் 3-லயே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மனு, ஆதார் ஜெராக்ஸ், பேரில்லாத சான்றிதழ் ஒரிஜினல் எல்லாத்தையும் குடுத்தாச்சு. ரசீது குடுத்து சீல் வச்சு "ஏழு வேலை நாள்ல வந்துரும்"னாங்க.

வரல. கேக்கப்போனா சர்வர் டவுன், எஸ்.ஐ. ஃபீல்டுக்குப் போயிருக்காரு (இங்க எஸ்.ஐ.ன்னா போலீஸ் இல்ல, சானிட்டரி இன்ஸ்பெக்டர், அவருதான் பதிவாளர்), நாளைக்கு வாங்க, திங்கக்கிழமை வாங்கன்னு இழுத்து இழுத்து ஏப்ரல் பாதி போயிருச்சு. வெளிய ஜெராக்ஸ் கடை பக்கத்துல நிக்கிற ஆளு "ஆயிரத்தைந்நூறு குடுங்கண்ணே, ரெண்டு நாள்ல எடுத்துத் தாரேன்"ங்குறாரு, உள்ள காணாமப் போன பேப்பரு இவருக்கு மட்டும் எப்பிடித்தான் கிடைக்குமோ தெரியல.

அப்புறம்தான் கவுண்டர்ல அந்த வார்த்தை வந்துச்சு. "சார் உங்க மனு சிக்கல, புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க, 200 ரூபா கட்டிருங்க, வருசம் தாண்டிருச்சுல்ல." கேக்க உதவி பண்ற மாதிரிதான் இருக்கும். ஆனா புது மனு குடுத்தா தேதியும் புதுசாயிரும், அவங்க பண்ணுன தாமதம் நம்ம தாமதமா மாறிரும், மார்ச்ல நாம வந்ததுக்கே அடையாளம் இருக்காது. காசு 200தான், ஆனா ஒரிஜினல் சான்றிதழும் அந்தப் பழைய மனுவோடதான இருக்கு, அத அப்புறம் யார்ட்ட போயி கேக்குறது?

அதனால புது மனு குடுக்காம புகார் கடிதமா எழுதுனேன். பெறுநர் பிறப்பு இறப்பு பதிவாளர், நகல் ஆணையாளருக்கு. உள்ள இவ்வளவுதான்:

"ஐயா, என் மகளின் பிறப்புப் பதிவில் (பதிவு நாள் 05.04.2024) பெயர் சேர்க்க 03.03.2025 அன்று மனு அளித்தேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். ஏழு வேலை நாட்களில் சான்றிதழ் தருவதாகக் கூறப்பட்டது. இதுவரை கிடைக்கவில்லை. மனு 12 மாதத்திற்குள் அளிக்கப்பட்டதால் தாமதக் கட்டணம் பொருந்தாது. அம்மனு மீதே பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் வழங்கவும். இயலாதெனில் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

அலைஞ்சது, லீவு போட்டது, திட்டு வாங்குனது எதையும் எழுதல, ரெண்டு தேதியும் ரசீதும் போதும். அந்தக் கடைசி வரி மட்டும் கட்டாயம் இருக்கணும், ஏன்னா வாயால "முடியாது"ங்கிறவங்க அத எழுதிக் கையெழுத்துப் போட யோசிப்பாங்க. ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போயி கவுண்டர்ல குடுக்காம தபால் பிரிவுல குடுங்க, நம்ம பிரதில சீல், தேதி, அவங்க கோப்புக்குப் போடுற ந.க. எண் வாங்கிக்கங்க. வாங்க மாட்டேன்னா தபால்ல ஒப்புகையோட அனுப்பிருங்க.

ஆணையாளர் நகலுக்குத்தான் வேலை நடந்துச்சுன்னு நினைக்கிறேன், அந்த வாரமே போன் வந்துருச்சு, "காணோம்"னு சொன்ன மனுவும் ஒரிஜினலோட அதே செக்சன்லதான் இருந்துருக்கு. இன்னொரு கூத்து, அந்த கிளார்க்கு அப்பவும் பிறந்த தேதிலருந்துதான் 12 மாசம் எண்ணிக்கிட்டு இருந்தாரு, பதிவு தேதிலருந்து எண்ணணும்னு அவருக்கு அவரோட எஸ்.ஐ.தான் சொல்ல வேண்டியதாச்சு. 200 ரூபா கேக்கல.

நமக்கு போன் வராட்டி தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த மனு மேல ஒவ்வொரு தேதிலயும் என்ன நடவடிக்கை எடுத்தீங்க, இப்ப யார்ட்ட இருக்குன்னு கேக்கலாம்னு எழுதி ரெடியா வச்சிருந்தேன், 30 நாள்ல பதில் தந்தாகணும். 2023-ல சட்டத்தத் திருத்துனதுக்கப்புறம் பதிவாளரோட நடவடிக்கை மேல மாவட்டப் பதிவாளர்ட்ட மேல்முறையீடும் போகலாம், ஆனா அதுக்கு 30 நாள்தான் கெடு, அதனாலதான் எழுத்துல பதில் கேக்குறது முக்கியம்.

சான்றிதழ் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல பேரக் காட்டச் சொல்லுங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். எங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூடுதலா விழுந்துருந்துச்சு, அப்பவே மாத்துனாங்க. கையெழுத்தாகி வெளிய வந்துட்டா அது பிழை திருத்தம்னு தனி மனு, திரும்பவும் அதே கவுண்டர்.