தலைதட்டி ஒரு கப், 152 கிராம்

சாப்பாட்டுக் கணக்கைக் கைப்பேசியில் எழுத ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முதல் நான்கு மாதக் கணக்கு முழுவதும் தப்பு. காரணம், ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்.

செயலியில் ஒரு கப் அரிசி என்று தேடியதும் 205 கலோரி என்று வந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் பதிந்து வந்தேன். அது வெந்த சோற்றின் கணக்கு. அந்தக் கப்பும் ஏறக்குறைய 240 மில்லி பிடிக்கும் அமெரிக்கக் கப். வேகாத அரிசியை அதே கப்பில் அளந்தால் 675 கலோரி. என் குக்கர் கப் இரண்டிலும் சேராது. ஜப்பானில் அரிசி அளக்கும் 'கோ' என்ற 180 மில்லி அளவுதான் குக்கரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறது. நம் ஆழாக்கு 168 மில்லி என்பதால், அம்மாவுக்கு இந்தக் கப் அந்நியமாகவே படவில்லை.

எல்லாக் குக்கர் கப்பும் 180 மில்லி என்றும் நம்ப முடியாது. 160 மில்லி கப்பும் உண்டு. சமையல் தராசில் கப்பை வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. என்னுடையது 181 காட்டியது. சில கப்புகளில் அளவுக்கோடு விளிம்புக்குக் கீழே இருக்கும். அப்படியானால் கோடு வரையா, விளிம்பு வரையா என்பதை ஒரு முறை தீர்மானித்துக்கொண்டு, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும்.

அடுத்து அரிசி. கப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, பொன்னி புழுங்கலரிசியை மொண்டு, கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுத்தேன். ஐந்து முறையும் 150க்கும் 154க்கும் நடுவில்தான் நின்றது. 152 என்று வைத்துக்கொண்டேன். பிறகு அம்மாவை அளக்கச் சொன்னேன். அவர் தலைதட்ட மாட்டார். அரிசியைக் குறைத்து அளந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. கும்பமாக அளந்த அவர் கப் 178 கிராம் வந்தது. கப்புக்கு 26 கிராம் கூடுதல் என்றால் ஏறக்குறைய 90 கலோரி. கப்பைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினாலும் இப்படித்தான் எடை ஏறும். நிறுப்பதைக் கழுவுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கழுவிய அரிசியில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் தராசில் அரிசியாகவே நிற்கும்.

ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு கப், தலைதட்டி, 304 கிராம். என் அரிசிப் பையில் 100 கிராமுக்கு 350 கலோரி என்று போட்டிருக்கிறது. ஆகப் பாத்திரம் முழுவதும் 1,064 கலோரி. குக்கரின் உள்பாத்திரத்தைக் காலியாக இருந்தபோதே நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன். வெந்தபின் பாத்திரத்தோடு நிறுத்து அதைக் கழித்தால் சோறு 850 கிராம். என் தட்டில் 250 கிராம். 250ஐ 850ஆல் வகுத்து 304ஆல் பெருக்கினால் 89.4 கிராம் அரிசி, அதாவது 313 கலோரி. தண்ணீர் கொஞ்சம் கூடிச் சோறு குழைந்து 900 கிராம் ஆனாலும் அரிசி 304 கிராம்தான். சோற்றை மட்டும் நிறுத்துப் பொதுப் பட்டியலைப் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இந்த முறை கஞ்சி வடிக்காத சோற்றுக்கே சரியாக வரும். வடித்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும்; நம் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும். மீந்த சோற்றிலும் ஒரு வம்பு இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கினால் மறுநாள் எடைக்கு அர்த்தமே இல்லை. அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மீந்ததை நிறுத்து, அதில் எத்தனை கிராம் அரிசி என்று குறித்துவிடுகிறேன்.

தண்ணீர் வைப்பதற்கு இப்போதும் கப்தான் கணக்கு. பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடுகள் அந்தக் கப்புக்கென்றே போட்டவை. கப்பின் அடியில் அழியாத பேனாவால் 152 என்று எழுதியிருக்கிறேன். புதிய மூட்டை பிரிக்கும்போது மறுபடி நிறுக்கிறேன். போன மூட்டை 148தான் வந்தது. அம்மா சமைக்கும் நாட்களில் கப்பை நம்புவதில்லை. அவர் அரிசி போட்டதும், கழுவ எடுப்பதற்குள் பாத்திரத்தைத் தராசில் ஏற்றி இறக்கிவிடுகிறேன்.